ஒற்றை வீடும் ஐந்து பங்கும்: எளிய குடும்பத்துக்கு உயில் ஏன்?

1. கேள்வி

வடலூர்ப் பக்கத்து வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவினர் பாதிப்பேர் கிளம்பிய பிறகு சொத்துப் பேச்சு மெல்லத் தொடங்கும். அப்போது பெரும்பாலும் யாராவது ஒருவர், “அவர் சொல்லிட்டுத்தானே போனாரு, வீடு அண்ணிக்குத்தான்னு” என்பார். அன்றைக்கு அதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்து வீட்டை அடமானம் வைக்கவோ விற்கவோ வேண்டிவரும்போது, அந்தச் சொல்லைப் பத்திர எழுத்தர் ஏற்கமாட்டார், சார் பதிவாளர் ஏற்கமாட்டார், வங்கி மேலாளரும் ஏற்கமாட்டார்.

உயில் என்பது நிலபுலன் உள்ளவர்களின் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. “நம்மகிட்ட என்ன கொட்டிக் கிடக்கு, உயில் எழுத?” என்ற கேள்வியை நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளியும் கேட்பார், குறிஞ்சிப்பாடி நெசவாளியும் கேட்பார், முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் பெண்ணும் கேட்பார். இந்தக் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: சொத்து சிறியதாக இருந்தால் சட்டம் அதைத் தானாகவே நியாயமாகப் பிரித்துவிடும் என்பது அது. இக்கட்டுரை அந்த அனுமானத்தைச் சோதிக்கிறது. உயில் இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்கிறது, எளிய உயில் ஒன்று எதை மாற்றுகிறது, அந்த உயில் எந்த இடத்தில் உடைகிறது என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் இந்து குடும்பங்களைப் பற்றியது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதி வேறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்படும்.

2. சொல்லே உயிலாக இருந்த காலம்

“சொல்லிட்டுப் போனாரு” என்று நம்புவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு காலத்தில் இந்த மண்ணின் சட்டமாகவே இருந்தது.

இந்து தர்மசாத்திர மரபில் உயில் என்ற தனி ஏற்பாடு இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்து அடுத்த தலைமுறைக்கு அதன் போக்கில் இறங்கியது. கும்பினி ஆட்சியில் சென்னை போன்ற நகரங்களில்தான் உயில் வழக்கம் இந்துக்களிடையே வேர் பிடித்தது. பச்சையப்ப முதலியார் 1794இல், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு எழுதிவைத்தது அதன் பெயர்பெற்ற தொடக்க காலச் சான்று. சிதம்பரம் கோயிலோடும் அவருடைய அறங்களுக்குத் தொடர்பு உண்டு. எழுதிவைத்தும் அந்தச் செல்வம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இழுபறியில் கிடந்தது. அவர் பெயரிலான பள்ளி 1842இல்தான் தொடங்கியது. எழுதுவது வேறு, எழுதியதை நிறைவேற்ற ஆள் வைப்பது வேறு என்பதற்கு நம் பகுதியின் பழைய உதாரணம் இது. இந்த விஷயத்துக்கு மறுபடியும் வருவோம்.

1870இன் இந்து உயில்கள் சட்டம் உயிலை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுச் சாட்சி வைக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் வங்காளப் பகுதிகளுக்கும் சென்னை, பம்பாய் நகர எல்லைகளுக்கும் மட்டுமே பொருந்தியது. வடலூரும் சிதம்பரமும் இருந்த தென்னாற்காடு மாவட்டம் அதற்கு வெளியே நின்றது. ஆகவே இங்கே ஓர் இந்து சாகும் தறுவாயில் நாலு பேர் முன்னால் வாய்திறந்து சொன்னது, நிரூபிக்க முடிந்தால், உயிலாகவே செல்லுபடியானது.

இதற்கு முடிவு வந்த நாள் 1927 ஜனவரி 1. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களால், அந்த நாள் முதல் எந்த ஊரில் எழுதப்பட்டாலும் இந்துவின் உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றாகிவிட்டது. சட்டம் மாறி நூறாண்டு நெருங்குகிறது. காரியத்தன்று நடக்கும் பேச்சோ இன்னும் 1926இலேயே நிற்கிறது. முஸ்லிம் சட்டத்தில் மட்டும் வாய்மொழி உயில் இன்றும் செல்லும். அங்கே கட்டுப்பாடு வேறு விதமானது: மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் வழியாகக் கொடுக்க முடியாது. பரங்கிப்பேட்டைக் குடும்பம் ஒன்றும் வடலூர்க் குடும்பம் ஒன்றும் ஒரே உயில் மாதிரியைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

3. உயில் இல்லாவிட்டால்: ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். வடலூரில் 1,200 சதுர அடி மனையில் ஓட்டு வீடு ஒன்று, ஊருக்கு வெளியே 60 சென்ட் புஞ்சை, வங்கியில் 2 லட்சம் ரூபாய். மூன்றும் கணவர் சம்பாதித்தவை, அதாவது சுயார்ஜிதம். மனைவி இருக்கிறார். இரண்டு மகள்கள், ஒரு மகன். கணவரின் அம்மாவும் அதே வீட்டில் இருக்கிறார். கணவருக்குத் தம்பிகள் இருவர், தங்கை ஒருவர். கணவர் 58 வயதில் மாரடைப்பில் இறந்துவிடுகிறார். உயில் இல்லை.

“புருஷன் சொத்து பெண்டாட்டிக்கு” என்று ஊர் சொல்லும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 அப்படிச் சொல்லவில்லை. முதல் வகுப்பு வாரிசுகள் எல்லோரும் ஒரே நேரத்தில், சமமாக வாங்குகிறார்கள். மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் மக்கள் அடிக்கடி மறந்துபோகும் ஆள் அம்மாதான். தந்தை உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு இந்தச் சுற்றில் பங்கு கிடையாது, ஏனென்றால் அவர் இரண்டாம் வகுப்பில் இருக்கிறார். அம்மா முதல் வகுப்பில் இருக்கிறார்.

இதுவரை சிக்கல் இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள், பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்கு ஆண்டு கழித்து அந்த அம்மாவும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு இப்போது அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது: இரண்டு மகன்கள், ஒரு மகள், முன்பே இறந்த மூத்த மகனின் பிள்ளைகள் என நான்கு கிளைகள். கிளைக்கு இருபதில் ஒரு பங்கு. மூத்த மகனின் கிளைக்கு வரும் இருபதில் ஒன்றை மூன்று பேரப்பிள்ளைகள் பகிர்வதால் ஆளுக்கு அறுபதில் ஒரு பங்கு. மருமகள் மாமியாருக்கு இங்கே வாரிசு அல்ல, ஆகவே அவருக்கு இதில் எதுவும் இல்லை.

முழுச் சொத்தையும் அறுபது பங்காகக் கொண்டு கூட்டிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். மனைவிக்கு 12. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 13, மொத்தம் 39. கணவரின் தம்பிகள் இருவருக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 3, மொத்தம் 9. வீட்டின் மதிப்பு 12 லட்சம் என்றால் கணவரின் உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு உடையவர்கள். இந்தத் தொகை பெரிதல்ல. அவர்களுடைய கையெழுத்து இல்லாமல் இனி வீட்டை முழுதாக விற்க முடியாது, வங்கியில் முழு வீட்டையும் அடமானம் வைக்க முடியாது என்பதுதான் பெரிது. ஒரு கொழுந்தன் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கலாம், இன்னொருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கலாம். நாத்தனார் இறந்திருந்தால் அந்த 3 பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும் கணவருக்கும் இன்னும் சிறிதாக உடைந்திருக்கும்.

இங்கேதான் எளிய குடும்பத்தின் நிலை செல்வக் குடும்பத்திலிருந்து வேறுபடுகிறது. பத்து ஏக்கர் நஞ்சையும் மூன்று வீடும் இருந்தால், ஆளுக்கொன்று ஒதுக்கிப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிவிடலாம். ஒற்றை ஓட்டு வீட்டை அறுபதாக வெட்ட முடியாது. நீதிமன்றத்துக்குப் போனாலும், பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கும்படி உத்தரவாகலாம். விதவைக்கு அது தலைக்கு மேலிருக்கும் கூரையை விற்பது. சட்டத்தின் சமப் பங்கு பெரிய சொத்தில் நியாயமாக அமைகிறது, சிறிய சொத்தில் குடியிருப்பையே கலைத்துவிடுகிறது. நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கப்படும் ஊர்களைச் சுற்றியிருப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகமும் தெரியும். நிலம் கையகப்படுத்தும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் தகராறு இருந்தால், இழப்பீட்டை நேரே கையில் கொடுக்காமல் அதற்கென உள்ள தீர்ப்பாணையத்தில் கட்டிவைக்கச் சட்டம் வழிசெய்கிறது.

இந்தக் குடும்பத்தில் கணவர் ஒரு பக்க உயிலில் “வீடு என் மனைவிக்கு” என்று எழுதியிருந்தால், மாமியாரின் மறைவு வீட்டைத் தொட்டிருக்காது.

4. உயிலின் இடத்தில் வைக்கப்படும் மூன்று காகிதங்கள்

உயில் வேண்டாம் என்பவர்கள் சும்மா இருப்பதில்லை, வேறு காகிதங்களை நம்புகிறார்கள். அவற்றில் முதலாவது நாமினி. வங்கிக் கணக்கில் மனைவியை நாமினியாகப் போட்டால் பணம் மனைவிக்கே என்று நினைக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர், அந்தப் பணம் யாருடையது என்பதை வாரிசுரிமைச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும். 1984இல் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டைப் பற்றியும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் கம்பெனிப் பங்குகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015இன் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் அவர்களே பயனாளிகள் என்ற விதிவிலக்கு வந்தது. வருங்கால வைப்பு நிதிக்கும் தனி விதிகள் உண்டு.

இரண்டாவது வாரிசுச் சான்று. குறிஞ்சிப்பாடி வட்டாட்சியர் தரும் அந்தச் சான்று இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று பட்டியலிடுகிறது. யாருக்கு என்ன சொத்து என்று அது சொல்வதில்லை. மேலே சொன்ன குடும்பத்தில் முதல் சான்றிலேயே அம்மாவின் பெயர் இருக்கும். அம்மா இறந்ததும் அவருக்கெனத் தனிச் சான்று ஒன்று வாங்க வேண்டிவரும், அதில் கொழுந்தன்மார் பெயர்கள் வரும். பெரும்பாலான மருமகள்கள் தாங்கள் தனி உரிமையாளர் அல்ல என்பதை முதலில் அறிவது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்.

மூன்றாவது பட்டா. அது வருவாய்த்துறைப் பதிவேடு. அதில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியிருப்பதால் மற்ற வாரிசுகளின் உரிமை அழிந்துவிடுவதில்லை. மகன் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது என்று நிம்மதியாக இருந்த வீட்டில், இருபது ஆண்டு கழித்து மகள்கள் பாகம் கேட்டு வருவதும் வெல்வதும் இதனால்தான்.

5. மனைவி பெயரில் இருக்கும் வீடு

அரசு வீட்டுத் திட்டங்களும் சுய உதவிக் குழுக் கடன்களும் வந்த பிறகு, சிறு வீடுகள் பல பெண்கள் பெயரில் இருக்கின்றன. பெண் இறந்தால் என்ன என்பதை யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் இருந்தால் பெண்ணின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகிறது. பிள்ளை இல்லாத விதவையின் சொத்து எங்கே போகிறது என்பதுதான் பலரைத் திடுக்கிட வைக்கும். தாய் தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்தது என்றால் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்புகிறது. அவரே உழைத்துச் சேர்த்தது என்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பண்ருட்டிப் பக்கம் முப்பது ஆண்டு முந்திரி உடைத்து அவர் கட்டிய வீட்டுக்கு, அவரைப் பார்த்துக்கொண்ட அக்கா மகளை விட முன்பே இறந்த கணவரின் தம்பி மகனே சட்டத்தின் கண்ணில் முன்னுரிமை பெற்றவர். 2009இல் ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதியின் கடுமையை உணர்ந்தே, அனுதாபத்தால் சட்டத்தை மாற்ற முடியாது என்று நின்றது. மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, தாய்வீட்டுத் துணையால் படித்து வேலைக்குப் போன பெண்ணின் சேமிப்பு அந்தப் புகுந்த வீட்டாரின் பக்கமே போனது. நீதிமன்றத்தால் மாற்ற முடியாத அந்த முடிவை அந்தப் பெண் எழுதியிருக்கக்கூடிய ஒரு பக்க உயில் மாற்றியிருக்கும்.

6. எளிய உயில் எப்படி இருக்கும்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். குறிப்பிட்ட வாசகமும் கிடையாது. பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் 18 வயது நிரம்பியவராக, செய்வது இன்னதென்று அறியும் மனநிலையில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திடுவதைப் பார்த்தோ, “இது என் கையெழுத்துதான்” என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான் சட்டம் கேட்பது.

மேலே சொன்ன குடும்பத் தலைவர் எழுதியிருக்கக்கூடிய உயில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடி வட்டம், வடலூரில் வசிக்கும் இன்னாரின் மகன் இன்னார், வயது 58, ஆகிய நான், நல்ல நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதிவைக்கும் உயில். இதற்கு முன் நான் எழுதிய உயில் எதுவும் இருந்தால் அதை இதன் மூலம் ரத்து செய்கிறேன். கீழே முதல் அயிட்டமாகக் காட்டிய வீடும் மனையும் என் காலத்துக்குப் பின் என் மனைவிக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாகச் சேர வேண்டும். அவர் எனக்கு முன் இறந்துவிட்டால் என் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகச் சேர வேண்டும். இரண்டாவது அயிட்டமான புஞ்சை நிலம் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். வங்கிப் பணம் என் தாயாரின் மருத்துவத்துக்கும் ஜீவனத்துக்கும் என் மனைவியின் கையில் இருக்க வேண்டும், தாயார் காலத்துக்குப் பின் மிஞ்சியது மனைவிக்கு. என் தாயார் என் மனைவியோடு வசிப்பதாலும் அவருக்கு வேறு மகன்கள் இருப்பதாலும் வீட்டில் அவருக்குப் பங்கு எழுதவில்லை. இந்த உயிலை என் மூத்த மகள் நிறைவேற்றுவார்.”

இதன் கீழே சொத்து விவரம் வரும்: சர்வே எண், கிரயப் பத்திர எண்ணும் ஆண்டும், செக்குபந்தி, அளவு. பிறகு கையெழுத்து, நாள், இடம், இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திடச் சட்டம் கேட்கவில்லை என்றாலும், இட்டுவைத்தால் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு எழாது.

இந்தச் சிறு உயிலில் மூன்று வாக்கியங்களைக் கவனிக்க வேண்டும். “அவர் எனக்கு முன் இறந்துவிட்டால்” என்ற மாற்று ஏற்பாடு ஒன்று. கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் இறப்பதும் உண்டு. கடலூர்க் கடற்கரை 2004 டிசம்பர் 26 அன்று அதைக் கண்டது. யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால் இளையவர் பிந்தியவர் என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் அனுமானிக்கிறது. மாற்று ஏற்பாடு இல்லாத உயில் அந்த அனுமானத்தின் கையில் சிக்கிவிடும்.

இரண்டாவது “சர்வ சுதந்திர பாத்தியம்”. பல பத்திர எழுத்தர்கள் வழக்கமாக “மனைவி ஜீவியகாலம் வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு” என்று எழுதுவார்கள். கேட்க அழகாக இருக்கும், வழக்குக்கும் இடம் வைக்கும். 1977இன் துளசம்மா வழக்கின்படி, ஜீவனாம்ச உரிமையை முன்னிட்டுப் பெண்ணுக்குத் தரப்பட்ட வாழ்நாள் பாத்தியம் முழு உரிமையாக வளர்ந்துவிடும். உயிலில் தரப்பட்ட வாழ்நாள் பாத்தியம் எப்போது அப்படி வளரும், எப்போது வளராது என்பதில் பின்வந்த தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. சிறு குடும்பம் அந்த விவாதத்துக்குள் போகாமல், முழுமையாகக் கொடுப்பதோ பிள்ளைகளுக்கே நேரடியாக எழுதுவதோ மேல்.

மூன்றாவது, அம்மாவுக்கு ஏன் பங்கில்லை என்ற ஒரு வரி. அதன் தேவை அடுத்த பகுதியில் விளங்கும். உயில் பங்கு தராவிட்டாலும், சார்ந்து வாழும் தாய் மகனின் சொத்தைப் பெற்றவர்களிடம் ஜீவனாம்சம் கேட்க 1956இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நிறைவேற்றுநர் ஒருவரைக் குறிப்பிடுவது கட்டாயமில்லை. பச்சையப்பரின் செல்வம் கிடந்த கிடப்பை நினைத்தால், சிறிய உயிலிலும் ஒரு பெயர் இருப்பது நல்லது. பொறுப்பு யாருடையது என்று தெரியாத உயில் பீரோவிலேயே தங்கிவிடும்.

7. உயில் எங்கே உடைகிறது

உயிலை எழுதியவர், அதைப் பற்றிக் கேட்கும்போது உயிரோடு இல்லை. இந்த ஒரு காரணத்தால் நீதிமன்றம் மற்ற பத்திரங்களை விட உயிலைக் கூர்ந்து பார்க்கிறது. 1958இல் வந்த வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா தீர்ப்பு இன்றும் இதற்கு அளவுகோல். சந்தேகம் தரும் சூழல்கள் இருந்தால், உயிலைக் கொண்டுவருபவரே அவற்றை நீக்க வேண்டும் என்று அது சொன்னது. நடுங்கிய கையெழுத்து, நோய்ப் படுக்கையில் எழுதியது, மிகுதியாகப் பெறுபவரே எழுத்தரை அழைத்துவந்தது, இயல்பான வாரிசுகளைக் காரணமின்றி விட்டது என்பவை அந்தச் சூழல்களில் முக்கியமானவை. அதனால்தான் தாயை விட்டதற்கு ஒரு வரி காரணம் எழுதச் சொன்னோம். நோயுற்றவர் எழுதும்போது, மருத்துவம் பார்த்தவரிடமே அன்றைய தேதியில் மனநிலை பற்றி ஒரு சான்று வாங்கிவைப்பதும் இதற்காகத்தான்.

பதிவு செய்துவிட்டால் கவலை இல்லை என்பது பாதி உண்மை. பதிவு உயிலின் இருப்பையும் தேதியையும் காட்டுகிறது, மூலம் தொலைந்தால் நகல் கிடைக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ தவிர மற்றவர்களுக்கு நகல் கிடைக்காது. உயில் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது. படுத்த படுக்கையாக இருப்பவருக்காகச் சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவதற்கும் சட்டத்தில் வழி உண்டு. மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கவும் முடியும். ஆனால் பதிவான உயிலையும், தகராறு வந்தால், குறைந்தது ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றியே நிரூபிக்க வேண்டும்.

உயில்கள் அதிகம் தோற்கும் இடம் இதுதான். சாட்சி வந்து, “காகிதத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன், அவர் அங்கே இல்லை” என்றால் உயில் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். வயதான நண்பரைச் சாட்சியாக வைத்தால் அவரே முன்பு இறந்துவிடலாம். பத்திர எழுத்தர் “எழுதியவர்” என்று போடும் கையெழுத்து தானாகச் சாட்சிக் கையெழுத்தாகிவிடாது. ஆகவே சாட்சிகள் எழுதுபவரை விட இளையவர்களாக, ஊரிலேயே இருப்பவர்களாக, அந்த நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்திடுபவர்களாக இருக்க வேண்டும். உயிலின் உள்ளடக்கம் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொத்துப் பெறுபவர் சாட்சியாகக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் சாட்சியானவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் எழுதிய பகுதி செல்லாது என்றே சட்டம் சொல்கிறது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

எழுதியவர் இறந்த பிறகு செய்ய வேண்டியது சுருக்கமானது. மூல உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாநகர எல்லைக்குள் நெடுங்காலம் கட்டாயமாக இருந்த புரொபேட் நடைமுறை, வடலூரில் எழுதி வடலூர்ச் சொத்தைப் பற்றியே பேசும் உயிலுக்குத் தேவைப்பட்டதில்லை. மற்ற வாரிசு ஒருவர் ஆட்சேபித்தால் வருவாய்த்துறை முடிவு செய்யாது, உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும்.

8. இரண்டு மறுப்புகள்

உயிலை விட செட்டில்மெண்ட் பத்திரம் மேல் என்று பலர் சொல்கிறார்கள். உடனே உரிமை மாறுகிறது, பதிவாகிறது, பிறகு சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை என்பவை உண்மையான பலன்கள். அதன் விலை என்னவென்றால், எழுதிய மறுநாளே எழுதியவர் உரிமையாளர் அல்ல. பொதுவாக அதைத் தனியாக ரத்து செய்யவும் முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிறகு கைவிடப்பட்ட முதியோர் 2007இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தை நாடலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தில் அந்த வழியும் குறுகிவிடுகிறது. ஒரே வீடு உள்ளவருக்கு அந்த வீடே முதுமையின் பிடி. உயிலை நினைத்தபோது மாற்றலாம் என்ற பலவீனமே அவருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது மறுப்பு கனமானது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005இன் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. மகள்களுக்குச் சட்டம் கொடுத்ததை உயில் பின்வாசல் வழியாகப் பறிக்கிறது என்ற குற்றச்சாட்டு இதனோடு சேர்ந்து எழுகிறது. அதில் நியாயம் உண்டு. சுயார்ஜிதச் சொத்தை மகனுக்கு மட்டும் எழுதிவைக்கும் தந்தையைச் சட்டம் தடுக்கவில்லை. கூட்டுச் சொத்தில் தம் பங்கையும் உயிலில் எழுத 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மகளின் சொந்தப் பங்கைத் தந்தையின் உயில் தொட முடியாது என்பது மட்டுமே எல்லை. உயில் ஒரு கருவி என்பதால், அதை எடுத்தவர் மனத்தில் உள்ள பாகுபாடும் அதோடு எழுதப்படும். ஆனால் உயில் இல்லாத வீடுகளில் மகள்கள் சமப் பங்கோடு போகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. “சீர் செஞ்சாச்சு” என்ற பேச்சோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது காரியத்துக்கு அடுத்த மாதமே நடக்கிறது. தந்தை மகளுக்கும் எழுதிவைத்த உயில் இருக்கும் வீட்டில், அந்தக் கையெழுத்தைக் கேட்கும் அண்ணனுக்குத் தயக்கம் வரும்.

9. முடிவு

சோதித்த அனுமானத்துக்குத் திரும்புவோம். சொத்து சிறியதானால் சட்டம் தானாக நியாயம் செய்யும் என்பது நிற்கவில்லை. சட்டம் செய்வது பங்கீடு, அது எல்லோருக்கும் பொதுவான கணக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது, கொழுந்தன் வளைகுடாவில் இருப்பதும் தெரியாது, வீட்டை வெட்ட முடியாது என்பதும் தெரியாது. இவற்றை அறிந்த ஒரே ஆள் வீட்டுக்காரர், அவருக்குச் சட்டம் தந்த இடம்தான் உயில்.

உயிலால் ஆகாதவையும் உண்டு. இல்லாத உரிமையை அது உண்டாக்காது, பூர்வீகத்தில் மற்றவர் பங்கைத் தொடாது, வங்கிக் கடனைத் துடைக்காது, மோசமாக எழுதினால் வழக்கைக் குறைக்காமல் கூட்டும். ஆனால் மேலே கண்ட குடும்பத்தில் அது செய்திருக்கக்கூடியது ஒன்றுதான், அதுவும் போதுமானது: அறுபது பங்கில் ஒன்பதைக் கேட்டு மூன்று கையெழுத்துக்காக அந்தப் பெண் அலையாமல் இருந்திருப்பார். “வீடு அண்ணிக்குத்தான்” என்று காரியத்தன்று சொன்னவரே, உடன்பட்டிருந்தால், அந்தத் தாளில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கலாம்.